பதினாறு கட்டாயங்கள் ஏழான கதை

எங்கள் கல்லூரி கேன்டீனில் மதிய இடைவேளை 12:40 முதல் 1:30 வரை. அதில் பாதி நேரம் டோக்கன் வரிசையிலேயே போய்விடும். காலையிலேயே போனில் ஆர்டர் போட்டுவிட்டு, மதியம் நேராகப் போய்ச் சாப்பாட்டை வாங்கிக்கொள்ள ஓர் ஆப் செய்யலாம் என்று மூன்றாம் ஆண்டில் நான்கு பேர் கிளம்பினோம். கல்லூரியின் தொழில்முனைவோர் மையம் ஒரு மேஜையும், ஆறு வாரக் கெடுவும் கொடுத்தது.

செய்ய வேண்டியதையெல்லாம் கூகுள் ஷீட்டில் எழுதினோம். 23 வரிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாலை ஆகும் என்று குறித்தோம். நான்கு பேர், வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு மாலை, நடுவில் இன்டர்னல் தேர்வுக்கு ஒரு வாரம் போக ஐந்து வாரம். ஆகக் கையில் இருந்தது 40 மாலை. ஷீட்டின் அடியில் வந்த கூட்டுத்தொகை 112.

அப்போதுதான், எது முக்கியம் என்று வேலைகளைப் பிரிக்கும் மாஸ்கோ முறைக்கு வந்தோம். ஊர்ப்பெயர் இல்லை, Must, Should, Could, Won’t என்ற நான்கின் முதலெழுத்துகளை எடுத்து, உச்சரிக்க வசதியாக நடுவில் இரண்டு ‘ஓ’ சேர்த்தது. 1994இல் ஆரக்கிள் நிறுவனத்தில் இருந்த டை கிளெக் உருவாக்கியது. கட்டாயம், தேவை, இருந்தால் நல்லது, இந்த முறை இல்லை என்று நான்கு பத்தி போட்டு, ஒட்டுச்சீட்டுகளைக் கரும்பலகையில் ஒட்டினோம். ஒரு மணி நேரத்தில் ‘கட்டாயம்’ பத்தியில் 16 சீட்டு இருந்தது. கூட்டினால் 83 மாலை. அவரவர் யோசனை அவரவருக்குக் கட்டாயம்தானே.

சென்னையில் ஒரு மென்பொருளில் எதை முதலில் செய்வது என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனராக இருக்கும் எங்கள் சீனியர் அக்கா ஒருவர் அந்தச் சனிக்கிழமை வந்திருந்தார். பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “கட்டாயத்துக்கு மொத்த நேரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீங்க. 40இல் 24தான். மீதிதான் கணக்கு தவறினால் தாங்கும்” என்றார். அப்புறம் ஒவ்வொரு சீட்டாக எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்: “இது இல்லேன்னா முதல் நாள் கடையைத் திறக்கவே முடியாதா, இல்லை கையால் சமாளிக்கலாமா?” சமாளிக்க வழி இருந்தால் அது கட்டாயம் இல்லை.

முதலில் அடிபட்டது மொபைல் எண்ணுக்கு ஓடிபி அனுப்பும் லாகின். நாங்கள் போட்டிருந்தது 3 மாலை. இப்படி எஸ்எம்எஸ் அனுப்ப டெலிகாம் நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிவு வேண்டும், அனுப்பும் பெயரும் வாசகமும் அங்கே ஒப்புதல் பெற வேண்டும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. கோடிங் செய்யும் நேரத்தை மட்டும் உழைப்பு என்று கணக்கு போட்டிருந்தோம். பிறர் ஒப்புதலுக்குக் காத்திருப்பதும் அதில்தான் சேரும். எல்லோருக்கும் கல்லூரி மெயில் இருக்கிறது, கூகுள் லாகின் போதும் என்று மாற்றினோம். 2 மாலை.

அடுத்தது ஆப்பிலேயே பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே, 13 மாலை. இதில் ஒரு மணி நேரம் சண்டை. காசு வாங்காமல் ஆர்டர் எடுத்தால், சமைத்ததை யாரும் வாங்க வராமல் போனால் நஷ்டம் கேன்டீன் அண்ணனுக்கு. அதனால் இது கட்டாயம்தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அக்கா கேட்டார்: “சமைக்கிறதுக்கு முன்னாடி காசு வரணும்ங்கிறது கட்டாயமா, கேட்வேயா?” அங்கேதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் தேவையை எழுதாமல், அதற்கு முதலில் தோன்றிய தீர்வைச் சீட்டில் எழுதி வைத்திருந்தோம். எங்கள் கேன்டீனில் ஏற்கெனவே 500 ரூபாய் கூப்பன் புத்தகம் உண்டு. கல்லாவில் பணம் கட்டினால் அங்கே இருப்பவர் ஆப்பில் நம் கணக்கில் இருப்பை ஏற்றிவிடுவார், ஆர்டருக்கு அதிலிருந்து கழியும் என்று வைத்தோம். 4 மாலை. கம்பெனியே பதிவு செய்யாத எங்களுக்கு கேட்வேக்கான ஆவணங்களும் கையில் இல்லை என்பது தனிக்கதை.

திங்கட்கிழமை சீட்டுகளோடு அண்ணனிடமே போனோம். உணவுக்கு ஸ்டார் மதிப்பீடு போடும் வசதியைப் பெருமையாகக் காட்டினோம். எவ்வளவு பயன் தரும் என்ற மதிப்பில் நாங்கள் அதற்கு 8 கொடுத்திருந்தோம். அவர், “தம்பி, நல்லா இல்லேன்னா அவனே வந்து மூஞ்சிக்கு நேரா சொல்லிடறான். எனக்கு 11 மணிக்குள்ள சாம்பார் சாதம் எத்தனை, தயிர் சாதம் எத்தனைன்னு ஒரு கணக்கு கொடு, போதும்” என்றார். 23 வரியில் அது ஒரு வரியாகக்கூட இல்லை. 2 மாலை வேலை, நேராகக் கட்டாயத்துக்குப் போனது. ஆர்டர் 10:45க்கு மூடப்படும் என்ற விதியும் அதிலிருந்தே வந்தது.

கடைசியில் கட்டாயத்தில் நின்றவை ஏழு: லாகின் 2, அன்றைய மெனு 3, ஆர்டர் போடுவது 5, கூப்பன் இருப்பு 4, காலைக் கணக்கு 2, வாங்கியதும் டிக் செய்யும் திரை 3, அளவு தீர்ந்தால் ஆர்டரை நிறுத்துவது 3. மொத்தம் 22 மாலை.

மீதி 18 மாலையை எதற்குச் செலவழிப்பது என்பதற்குத்தான் மதிப்பு–உழைப்பு படம். கட்டாயங்களை அதில் வைக்கவில்லை. எப்படியும் செய்தாக வேண்டியவற்றை ஒப்பிட்டு என்ன பயன்? மேலே மதிப்பு, பக்கவாட்டில் உழைப்பு. உழைப்பைக் கட்டப்போகிறவர்கள் சொல்வது, மதிப்பை அண்ணனும் வரிசையில் நிற்கும் மாணவர்கள் சிலரும் சொல்வது என்று பிரித்தோம். நாங்கள் 8 கொடுத்த ஸ்டார் மதிப்பீடு அவர்கள் கையில் 1 ஆனது.

முதலில் சோம்பேறித்தனமாக மதிப்பை உழைப்பால் வகுத்து ஷீட்டை வரிசைப்படுத்தினேன். டார்க் மோடுக்கு மதிப்பு 2, உழைப்பு 1; விகிதம் 2. 12:40, 12:55, 1:10 என்று நேரம் பிரித்து வாங்க வைக்கும் வசதிக்கு மதிப்பு 8, உழைப்பு 5, விகிதம் 1.6. அதாவது டார்க் மோட் முதலில்! வரிசையைக் குறைக்கத்தானே கடையே விரித்தோம். சின்ன வேலை எதுவானாலும் வகுத்தலில் மேலே ஏறிவிடும். அதோடு 8 என்பது 2ஐப் போல நான்கு மடங்கு என்று யாரும் அளந்து சொல்லவில்லை. வகுத்தலை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தே முடிவு செய்தோம். நேரப் பிரிப்பு ‘தேவை’க்குப் போனது, டார்க் மோட் ‘இருந்தால் நல்லது’க்கு. கேட்வேயும் ஸ்டாரும் ‘இந்த முறை இல்லை’யில். அந்தப் பத்தியை அழிக்காமல் வைத்ததால், அதே பேச்சை வாராவாரம் யாரும் மறுபடி எடுக்கவில்லை.

ஒன்றில் சறுக்கினோம். ஆர்டரை ரத்து செய்யும் வசதியை ‘இருந்தால் நல்லது’ என்று தள்ளியிருந்தோம். ரத்து வேண்டுமென்றால் எங்களில் ஒருவனுக்கு போன் செய்யலாம், கையால் மாற்றிவிடலாம் என்பதுதான் சமாளிப்பு. முதல் வாரம் தினம் ஒன்றிரண்டு போன், சிக்கல் இல்லை. இரண்டாம் வாரம் ஒரு காலையில், ஒரு துறை மாணவர்களை 10 மணிக்குத் திடீரென்று தொழிற்சாலை பார்க்க அழைத்துப் போய்விட்டார்கள். 31 ஆர்டர். லேப் தேர்வில் இருந்த என் போனில் 19 தவறிய அழைப்பு. அண்ணன் 31 சாப்பாட்டையும் கட்டி வைத்திருந்தார்.

கையால் சமாளிக்கலாமா என்று கேட்டோமே தவிர, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குச் சமாளிக்கலாம் என்று கேட்கவில்லை. அன்று மாலை ரத்துச் சீட்டை நானே எடுத்து முதல் பத்தியில் ஒட்டினேன். 3 மாலை. அந்த இடத்துக்காக முதலில் வெளியே போனது, பாதி முடித்திருந்த டார்க் மோட்.