நெட் ரன் ரேட்: 18.4 ஓவர் என்பது 18.4 அல்ல

2024 ஐபிஎல்லில் பெங்களூரும் சென்னையும் தலா 14 புள்ளி. நெட் ரன் ரேட் 0.459, 0.392. பிளே ஆஃபுக்குள் பெங்களூரு, வெளியே சென்னை. இவ்வளவு சின்ன இடைவெளியில் முடிவாகிற கணக்கைப் பலர் தப்பாகவே போடுகிறார்கள்.

தொடர் முழுக்க நாம் அடித்த ரன்னை ஆடிய ஓவரால் வகுக்கணும். கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுத்து, அதை முதல் விடையிலிருந்து கழிக்கணும்.

ஒரு அணி முதல் மேட்ச்சில் 20 ஓவரில் 160 அடித்து, எதிரணியை 15.2 ஓவரில் 120க்கு ஆல் அவுட் செய்கிறது. இங்கே வகுக்க வேண்டியது 15.2 அல்ல, முழு 20. ஆல் அவுட்டானால் முழு ஒதுக்கீடும் கணக்கில் வரும். இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள்.

அடுத்த மேட்ச்சில் 20 ஓவரில் 150 அடித்துத் தோற்கிறது; எதிரணி 18.4 ஓவரில் 151. நாலு பந்து என்றால் ஆறில் நாலு, அதாவது 18.667 ஓவர்.

இப்போது 310/40 = 7.750. கொடுத்தது 271/38.667 = 7.009. விடை +0.741. கால்குலேட்டரில் 18.4 என்றே தட்டினால் 0.693 காட்டும். மேட்ச் வாரியாகப் போட்டு சராசரி எடுத்தால் 0.705. இரண்டுமே தப்பு, மொத்தத்தைத்தான் வகுக்கணும்.