ஒரு விளக்கும் எரியாத நிலை

திருவாரூர்ப் பக்கத்துப் போர்வெல் மோட்டார்களுக்கான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை மின்னணு முறையில் இயக்கும் பலகை ஒன்றை நம் கல்லூரி ஆய்வகத்தில் இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் செய்தோம். ஓய்வு, சோதனை, ஸ்டார், டெல்டா, காத்திருப்பு என்று அதற்கு ஐந்து நிலைகள். நிலைக்கொரு ஃபிளிப்-ஃபிளாப் வீதம் ஐந்து வைத்து, எந்த நேரத்திலும் ஒன்று மட்டுமே 1 ஆக இருக்கும்படி அமைத்திருந்தோம்.

மும்முனை மின்சாரம் போய்த் திரும்பும்போது சில வேளைகளில் பலகை செயலற்று நின்றுவிடும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் சரியாகும். எங்கள் ஆசிரியர் ஐந்து நிலைகளுக்கும் ஐந்து விளக்குகளை இணைக்கச் சொன்னார். அடுத்த முறை நின்றபோது ஒரு விளக்கும் எரியவில்லை. ஐந்து பிட்டுகளில் 32 சேர்க்கைகள் உண்டு. முறையானவை ஐந்து, மற்ற 27 முறையற்றவை. எல்லாம் 0 ஆகிவிட்டால், அடுத்த நிலைக்குத் தூண்ட வேண்டிய 1 எங்கும் இல்லாததால், அங்கிருந்து மீளவே முடியாது.

காரணம் ரீசெட் விலகும் கணத்தில் இருந்தது. மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓட வேண்டும் என்பதால் முதல் கடிகாரத் துடிப்பிலேயே ஓய்விலிருந்து சோதனைக்கு மாற்றம் நிகழும். ரீசெட் அந்தத் துடிப்பை ஒட்டி விலகினால், ஓய்வு பிட் விடுபட்டு 0 ஆகிவிடும். சோதனை பிட்டோ இன்னும் ரீசெட்டின் பிடியில் 0 ஆகவே இருக்கும்.

முறையற்ற நிலைகளைப் பிடிக்க நிரலில் `when others` எழுதியிருந்தும் அது காக்கவில்லை. அந்த நிலைகளை எட்டவே முடியாது என்று கணித்து, தொகுப்பு மென்பொருள் அந்தப் பகுதியை நீக்கிவிடுகிறது. நிலைகளுக்குப் பெயர் மட்டுமே உள்ள சிமுலேஷனிலும் முறையற்ற சேர்க்கை தோன்றாது. இன்று விவாடோ என்ற தொகுப்பு மென்பொருளில், முறையற்ற நிலையிலிருந்து மீளும் வழியை இப்படிக் கேட்டுப் பெறலாம்:

```vhdl
attribute fsm_safe_state : string;
attribute fsm_safe_state of state : signal is "reset_state";
```

இதற்கு விலை உண்டு. ஐந்து பிட்டுகளைச் சரிபார்க்க ஆறு உள்ளீடுள்ள ஒரு லுக்-அப் டேபிளே போதும்; ஆனால் அதன் விடை ஒவ்வொரு நிலையின் தர்க்கத்திலும் கூடுதல் உள்ளீடாக நுழைவதால், ஏற்கெனவே நிரம்பிய டேபிள் இரண்டாகப் பிரிந்து தாமதம் கூடும். நாற்பது நிலைகள் இருந்தால் சரிபார்ப்பே பல அடுக்காகிவிடும். மூன்று பிட் இருமக் குறியீட்டில் முறையற்றவை மூன்றே என்பதால் செலவு குறைவுதான்; ஆனால் அங்கே ஒரு பிட் புரண்டால் பெரும்பாலும் முறையான வேறொரு நிலையில் போய் விழும், அதை எந்தச் சரிபார்ப்பும் கண்டுகொள்ளாது.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது, மீளுதல் அடுத்த துடிப்பில்தான் நிகழ்கிறது என்பது. இரைச்சலால் ஸ்டார் நிலையில் டெல்டா பிட்டும் எழுந்தால், இரண்டு காண்டாக்டர்களுக்கும் கட்டளை போகிறது; இரண்டும் மூடினால் முனைகள் குறுக்கிணையும். எனவே காண்டாக்டர்களுக்கிடையே இன்டர்லாக் கம்பியிலேயே இருந்தாக வேண்டும். மீளும் நிலையும் நேரே சோதனைக்குப் போகாமல், எல்லா காண்டாக்டர்களையும் விடுவித்து மோட்டார் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் பலகையின் கோளாறைத் தீர்த்தது ரீசெட் வழியில் சேர்த்த இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்கள்: ரீசெட் உடனே பிடிக்கும், கடிகாரத்தோடு ஒத்தே விலகும். பாதுகாப்பு நிலையை அதற்கு மேல்தான் சேர்த்தோம்.