ஆர்.பி.எம். கணக்கு: ஊடக மேலாண்மைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

புதுச்சேரியில் நான் காட்சித் தொடர்பியல் படித்தபோது, ஊடக மேலாண்மைத் தாளில் யூடியூப் விளம்பர வருமானத்தைக் கணக்கிடும் வினா தவறாமல் இடம்பெறும். சூத்திரம் தெரிந்தவர்களும் அதில் மதிப்பெண் இழந்ததற்குக் காரணம், எந்தத் தொகையை எந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்ற மயக்கமே. அதனால் அந்த ஒரு வினாவை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

விளம்பரம் 1000 முறை காட்டப்படுவதற்கு விளம்பரதாரர் கொடுக்கும் தொகை சி.பி.எம். ஆகும். எட்டு நிமிடமும் அதற்கு மேலும் ஓடும் வீடியோவில் இடையிலும் விளம்பரம் வைக்கலாம் என்பதால், ஒரே பார்வையில் இரண்டு, மூன்று விளம்பரங்கள் வரக்கூடும். ஆகவே விளம்பரம் வந்த 1000 பார்வைகளுக்கு மொத்தம் எவ்வளவு கிடைத்தது என்பதைப் பிளேபேக் அடிப்படையிலான சி.பி.எம். என்று தனியாகக் காட்டுகிறார்கள். இவை இரண்டும் யூடியூப் தன் பங்கை எடுப்பதற்கு முந்தைய தொகைகள். ஆர்.பி.எம். என்பதோ சானல்காரருக்கு வந்து சேரும் தொகையை, விளம்பரமே வராத பார்வைகளையும் சேர்த்து, மொத்தப் பார்வைகளால் வகுத்து 1000க்குக் கணக்கிடுவது. நீள வீடியோ விளம்பரத்தில் சானல்காரரின் பங்கு 55 விழுக்காடு. ஷார்ட்ஸ் கணக்கு வேறு, அதை இதோடு கலக்கக் கூடாது.

இனி ஒரு மாதிரி வினா. புதுச்சேரிச் சமையலைக் காட்டும் சானல் ஒன்றுக்கு ஒரு மாதத்தில் இந்தியாவிலிருந்து 80,000 பார்வைகளும், பாரிஸ் பக்கம் குடியேறிய நம் ஊர்க் குடும்பங்களால் பிரான்சிலிருந்து 20,000 பார்வைகளும் கிடைத்தன என்று கொள்வோம். தொகைகள் அனைத்தும் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. இந்தியப் பார்வைகளில் 32,000இல் விளம்பரம் வந்தது, பிளேபேக் சி.பி.எம். 60 ரூபாய். மொத்தம் 1,920 ரூபாய், சானல்காரர் பங்கு 1,056 ரூபாய், 80,000 பார்வைகளுக்கு ஆர்.பி.எம். 13.20 ரூபாய். பிரான்சில் 10,000 பார்வைகளில் விளம்பரம் வந்தது, பிளேபேக் சி.பி.எம். 500 ரூபாய். மொத்தம் 5,000, பங்கு 2,750, ஆர்.பி.எம். 137.50 ரூபாய். சானலின் ஆர்.பி.எம். கேட்டால் இவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 75.35 என எழுதிவிடுகிறார்கள். மொத்த வருமானமான 3,806 ரூபாயை ஒரு லட்சம் பார்வைகளால் வகுத்து 1000க்குக் கணக்கிட்டால் வரும் 38.06தான் சரி.

வினாவின் அடுத்த பகுதியில்தான் ஆசிரியர் நம்மைச் சோதிப்பார். மறுமாதம் இந்தியப் பார்வைகள் மட்டும் 2,30,000 ஆகின்றன. இரு நாடுகளின் ஆர்.பி.எம்.மும் மாறவில்லை. வருமானம் 5,786 ரூபாயாக உயர்கிறது, ஆனால் சானலின் ஆர்.பி.எம். 23.14 ரூபாயாக இறங்குகிறது. அதைப் பார்த்து யூடியூப் பணத்தைக் குறைத்துவிட்டது என்று எழுதினால் விடை தவறு. பார்வையாளர் கலவை மாறியதே காரணம் என்பதை, நாடுவாரியான எண்களைத் தனித்தனியே பார்த்தால் கண்டுகொள்ளலாம். உண்மையான சானல் நடத்துபவர்களும் முதலில் பார்க்க வேண்டியது அனலிடிக்ஸில் உள்ள அந்தப் பட்டியலைத்தான்.

நாட்டுக்கு நாடு தொகை ஏன் மாறுகிறது என்பதற்கு, "அந்த நாடு பணக்கார நாடு" என்ற ஒரு வரி போதாது. பெரும்பாலும் விலையை யூடியூப் நிர்ணயிப்பதில்லை; விளம்பர இடங்கள் ஏலத்தில் போகின்றன. பிரான்சில் காப்பீடு விற்கும் நிறுவனத்துக்கு ஒரு வாடிக்கையாளரால் கிடைக்கும் வருவாய் அதிகம் என்பதால், அவரைச் சென்றடைய அது கூடுதல் விலைக்கு ஏலம் கேட்கத் துணிகிறது. அதே பார்வையாளருக்காகப் பல நிறுவனங்கள் போட்டியிடும்போது விலை மேலும் ஏறுகிறது. அதே நேரத்தில் விளம்பரதாரர் நாட்டோடு மொழியையும் குறிப்பிடலாம் என்பதால், பிரான்சில் பார்க்கப்படும் தமிழ் வீடியோவுக்குப் பிரெஞ்சு வீடியோவுக்குரிய விலை கிடைத்தே தீரும் என்றும் சொல்ல முடியாது.

வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடிய ஒன்று: பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் முத்தியால்பேட்டையில் அமர்ந்து வீடியோ பார்த்தால் அது எந்த நாட்டுக் கணக்கு? பார்வை நிகழும் இடமே கணக்கு, குடியுரிமை அல்ல. ஆகவே அவருக்கு வருவது இந்தியாவைக் குறிவைத்த விளம்பரமே.

அமெரிக்கப் பார்வைகளுக்கு மட்டும் இன்னொரு படி உண்டு. அவற்றால் வரும் வருமானத்தில், வரிப் படிவம் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகை கோரிய இந்தியரிடம் 15 விழுக்காடு அமெரிக்க வரி பிடிக்கப்படும். தனிநபர் கணக்கு வைத்திருப்பவர் படிவமே கொடுக்காவிட்டால் உலகெங்குமிருந்து வரும் மொத்த வருமானத்திலும் 24 விழுக்காடு வரை போகலாம். இந்தப் பிடித்தம் ஆர்.பி.எம்.மில் தெரியாது, ஆட்சென்ஸ் கணக்கில்தான் தெரியும் என்பதால், வினாவில் "கைக்கு வரும் தொகை" என்று இருந்தால் மட்டும் அதைக் கழியுங்கள்.