எல்லா கார்டிலும் ஒரு C0012: ஒரு ஆவணப்படத்தின் எடிட்டிங் நாட்குறிப்பு

2025 மார்ச் 3

முதல் கட்டப் படப்பிடிப்பின் ரஷ், அதாவது வெட்டாத மூலக் காட்சிகள் மொத்தமும், வந்து சேர்ந்தது. இரண்டு கேமராக்கள், தனி ஒலிப்பதிவு. கார்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது PRIVATE, அதற்குள் M4ROOT, அதற்குள் CLIP, அதற்குள் C0001.MP4-இலிருந்து வரிசை. அடுத்த கார்டைத் திறந்தாலும் அதே C0001.MP4. கேமராவில் கோப்பு எண்ணை Series என்று வைத்திருந்தால் கார்டு மாறினாலும் எண் தொடர்ந்து போயிருக்கும். இவர்கள் Reset-இல் வைத்திருக்கிறார்கள்.

அதோடு போகவில்லை. தினமும் காலையில், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேர எண் கொடுக்கும் டைம்கோடையும் பூஜ்யத்துக்குத் திருப்பி, ரெக்கார்டு செய்யும்போது மட்டும் ஓடும்படி விட்டிருக்கிறார்கள். ஆக, ஒரு நாளின் முதல் கார்டும் மறுநாளின் முதல் கார்டும் பெயரிலும் ஒன்று, டைம்கோடிலும் ஏறக்குறைய ஒன்று. எடிட்டிங் மென்பொருள் ஒரு கிளிப்பை மீண்டும் தேடும்போது பெரும்பாலும் இந்த இரண்டு அடையாளங்களைத்தான் நம்புகிறது. இரண்டுமே இங்கே உதவாது.

இன்று செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு கார்டையும் உள்ளே எதையும் தொடாமல், அப்படியே முழுதாக, இரண்டு தனித்தனி டிரைவில் நகலெடுத்தேன். நகலெடுக்கும் மென்பொருள் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் செக்சம் என்ற எண்ணைப் போட்டு, இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பட்டியலும் தந்துவிடுகிறது. அந்தப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எப்போதாவது உதவும்.

மார்ச் 4

பெயரை மாற்றலாமா, கூடாதா என்று ஒரு விவாதம். உதவி எடிட்டர், "அண்ணா, கார்டுக்குள்ள இருக்கிற பேரை மாத்தினா ஏதாவது உடைஞ்சிடாதா?" என்று கேட்டார். நியாயமான பயம். அந்த அமைப்புக்குள் MEDIAPRO.XML என்று ஒரு கோப்பு இருக்கிறது. கார்டில் என்னென்ன கிளிப் உண்டு என்ற அட்டவணை அதுதான். ஒவ்வொரு வீடியோவுக்கும் C0012M01.XML மாதிரி ஒரு துணைக்கோப்பும் உண்டு. மூலத்தில் பெயரை மாற்றினால் இந்தப் பிணைப்பு போய்விடும்.

அதனால் மூல நகல்கள் இரண்டையும் தொடுவதில்லை. எடிட்டுக்கென்று மூன்றாவதாக ஒரு நகல். அதில் மட்டும், மென்பொருளுக்குள் ஒரு கிளிப்கூடப் போகும் முன்பு, கார்டு எண்ணை முன்னால் ஒட்டிவிடுகிறோம். மேக்கில் இப்படி:

```
cd A003/PRIVATE/M4ROOT/CLIP
for f in C*; do mv -n "$f" "A003_$f"; done
```

C0012.MP4 இப்போது A003_C0012.MP4. துணைக்கோப்புக்கும் அதே முன்னொட்டு வருவதால் ஜோடி பிரிவதில்லை. பழைய பெயரும் உள்ளேயே இருக்கிறது. மூலத்தில் தேட வேண்டுமென்றால் எங்கே போவது என்று பெயரே சொல்லிவிடும். mv-க்குப் பின்னால் இருக்கும் -n, அதே பெயரில் வேறு கோப்பு இருந்தால் அதன்மேல் எழுதாமல் தடுக்கும். அதை விட்டுவிடக் கூடாது.

A என்பது கேமரா. 003 என்பது பிளாஸ்டிக் கார்டின் எண் இல்லை. அதே கார்டை மறுநாள் ஃபார்மேட் செய்து மறுபடி போடுவார்கள். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் ஒரு புதிய எண். படம் முடியும் வரை அது ஏறிக்கொண்டே போகும். தினமும் A001-இலிருந்து தொடங்கினால் இருந்த சிக்கல் ஒரு படி மேலே இடம் மாறியிருக்கும், அவ்வளவே.

மார்ச் 6

டிரைவில் ஃபோல்டர் அமைப்பு முடிவானது. NV என்பது படத்தின் சுருக்கக் குறி.

```
NV/
  01_MEDIA/20250302/A003/
  02_AUDIO/20250302/
  03_PROXY/20250302/A003/
  04_PROJECT/
  05_GFX_MUSIC/
  06_EXPORT/
```

எடிட்டுக்கான இலேசான நகல்கள் இருக்கும் ப்ராக்ஸி ஃபோல்டர், மீடியா ஃபோல்டரின் நிழல் மாதிரி அதே கிளைகளோடு இருக்க வேண்டும். தேதியை 02-03-25 என்று எழுதினால் வரிசை குலையும். அது மார்ச்சா பிப்ரவரியா என்ற சண்டையும் வரும். ஆண்டு முன்னால் வந்தால் இரண்டும் இல்லை.

ஃபோல்டர் பெயர்களைத் தமிழில் வைக்கலாமே என்று இயக்குநர் கேட்டார். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இந்தப் பெயர்கள் இங்கிருந்து ஒலிக்கூடத்துக்கும் கலர் செய்பவருக்கும் போக வேண்டும். வழியில் EDL என்ற பழைய வெட்டுப்பட்டியல் வடிவங்கள் இருந்தால் தமிழ் எழுத்து கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ வந்து நிற்கும். எனவே வட்டில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். கிளிப் பற்றிய குறிப்புகளை மென்பொருளுக்குள் தமிழிலேயே எழுதுகிறோம்.

இன்னொரு சின்ன வேலை: விண்டோஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த டிரைவுக்கு ஒரே எழுத்தைக் கொடுத்தார்கள். ஒருவருக்கு E:, இன்னொருவருக்கு G: என்று இருந்தால் ப்ராஜெக்ட் கைமாறும் ஒவ்வொரு முறையும் கிளிப்புகள் காணாமல் போகும்.

மார்ச் 10

இன்று பின்கள், அதாவது எடிட்டிங் மென்பொருளுக்குள் கிளிப்புகளை அடுக்கும் ஃபோல்டர்கள். வட்டில் இருக்கும் அமைப்பையே பின்னிலும் செய்துவிடலாம் என்று உதவி எடிட்டர் தொடங்கியிருந்தார். நிறுத்தச் சொன்னேன். வட்டு சொல்ல வேண்டியது இந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்பதை. எடிட்டர் தேடுவது அதை இல்லை. "அந்தப் பெரியவர் கிணற்றடியில் பேசியது" என்றுதான் தேடுவார். அது A003-இல் இருக்கிறதா B007-இல் இருக்கிறதா என்று அவர் ஏன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்?

எனவே பேட்டிகளுக்கு ஆளுக்கொரு பின். இரண்டு கேமராவும் ஒலியும் சிங்க் செய்யப்பட்டு உள்ளே இருக்கும். மற்ற காட்சிகள் இடத்தின்படி. ஒரே கிளிப்பில் இரண்டு இடம் வந்தால் முதலில் வரும் இடத்தில் வைத்து, விளக்கப் பத்தியில் மற்றதை எழுதிவிடுகிறோம். "இதர காட்சிகள்" என்று ஒரு பின் திறக்க அனுமதியில்லை. அது ஒன்று இருந்தால் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

பின்னுக்குள் கிளிப்பின் பெயரை மாற்றுவதற்கும் தடை. A003_C0012 என்பதை அழித்துவிட்டு "கிணறு அகலம்" என்று போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூலத்தோடு இருக்கும் தொடர்பு கண்ணிலிருந்து மறைந்துவிடும். கிணறு விளக்கப் பத்தியில் இருக்கட்டும். தேடினால் அங்கேயும் கிடைக்கும்.

மார்ச் 17

மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டோம். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளின் Productions முறையில் போகிறோம். ஒரு பெரிய ப்ராஜெக்டுக்குப் பதிலாக, பொது டிரைவில் ஒரு ஃபோல்டரும் அதற்குள் பல சிறு ப்ராஜெக்டுகளும். ஒருவர் ஒன்றைத் திறந்து வைத்திருந்தால் அவருக்குப் பச்சைப் பென்சில் காட்டும், மற்றவர்களுக்குச் சிவப்புப் பூட்டு. அவர்கள் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்ற முடியாது.

இதனால் ப்ராஜெக்டை எப்படிப் பிரிக்கிறோம் என்பதே யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. ரஷ் இருக்கும் ப்ராஜெக்டிலேயே ஒருவர் எடிட்டும் செய்தால், அவர் எழுந்து போகும் வரை உதவி எடிட்டரால் அங்கே ஒரு புதிய கார்டைச் சேர்க்க முடியாது. எனவே ரஷ் தனி. அதில் எழுதுவது உதவி எடிட்டர் மட்டும். படம் நான்கு பகுதி, பகுதிக்கு ஒரு ப்ராஜெக்ட், அதற்கு ஒரு எடிட்டர். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காட்சி நகர வேண்டுமென்றால் "பரிமாற்றம்" என்று ஒரு சிறு ப்ராஜெக்ட் இருக்கிறது. எடிட் செய்து அடுக்கிய காட்சி வரிசையான சீக்வென்ஸை அதில் போட்டுவிட்டு மூடிவிட வேண்டும். மூடிவிடுவதுதான் எல்லோருக்கும் மறந்துபோகிறது. மதியம் முழுக்க "யாருப்பா பரிமாற்றத்தைத் திறந்து வச்சிருக்கிறது?" என்ற குரல்தான்.

மார்ச் 26

எடிட் செய்த பதிப்புகளான கட்டுகளுக்குப் பெயர்: `R2_v07_20250326_KM`. இரண்டாம் பகுதி, ஏழாவது பதிப்பு, தேதி, செய்தவரின் முதலெழுத்துகள். v7 என்று இல்லாமல் v07 என்பதற்குக் காரணம், சில மென்பொருள்கள் எழுத்து எழுத்தாக வரிசைப்படுத்தி v10-ஐ v9-க்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும்.

எப்போது எண் ஏற வேண்டும் என்பதில்தான் கொஞ்ச நேரம் பேச வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாலையும் ஏற்றினால் எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். கட் யாருக்காவது காட்டப்பட்டாலோ வெளியே அனுப்பப்பட்டாலோ, அந்த சீக்வென்ஸ் அன்றோடு பூட்டப்படும். அதன் நகலில் அடுத்த எண்ணில் வேலை தொடரும். அப்போதுதான் இயக்குநர், "போன வாரம் பார்த்ததில் இந்த இடைவெளி நன்றாக இருந்ததே" என்றால் எதைத் திறப்பது என்று தெரியும். வெளியே போகும் வீடியோ கோப்புக்கும் சீக்வென்ஸின் பெயரே. FINAL என்ற சொல் எந்தப் பெயரிலும் வரக்கூடாது என்பதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. எல்லோரும் FINAL_2 பார்த்தவர்கள்.

ஏப்ரல் 8

நாங்கள் தொடங்கும் முன்பே, படப்பிடிப்பின் நடுவில், வெளியாள் ஒருவர் செய்துகொடுத்த சின்ன முன்னோட்டம் ஒன்று இருந்தது. அதை முதல் பகுதியில் சேர்க்க வேண்டும் என்றார் இயக்குநர். ப்ராஜெக்டும் கிளிப்புகளும் வந்தன. கிளிப்புகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில்: C0012.MP4, C0012 (1).MP4, C0012 (2).MP4. பல கார்டுகளை ஒன்றாகக் கொட்டியபோது கணினி தானாக வைத்த பெயர்கள்.

உதவி எடிட்டர் முதலில், நகலெடுத்து வைத்த ஒரு கார்டைக் காட்டிப் பெயரை வைத்து ரீலிங்க், அதாவது கிளிப்புகளைக் கோப்புகளோடு மறுபடி இணைப்பது, செய்து பார்த்தார். கிளிப்புகள் பல இணைந்தன, கோப்பு காணவில்லை என்று சொல்லும் சிவப்புத் திரை ஒன்றும் வரவில்லை. ஆனால் பேசும் குரலுக்கு மேல் வெறும் சுவர். தவறான கிளிப் தேவையான நீளத்தைவிடப் பெரியதாக இருந்தால் மென்பொருள் முணுமுணுப்பதில்லை. வேறு படத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். சிறியதாக இருந்தால்தான் எங்காவது பிசகு தெரியும். பேட்டி என்பதால் உடனே பிடித்தோம். வெறும் மரமும் வானமும் என்றால் யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் முதல் நாள் பட்டியல் கைகொடுத்தது. பெயரை மாற்றினாலும் கோப்பின் செக்சம் மாறாது. அது உள்ளடக்கத்திலிருந்து வருவது. வந்த ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றுக்கும் அதே முறையில் செக்சம் எடுத்து, எங்கள் பட்டியலில் தேடினோம். C0012 (1).MP4-இன் எண் A004 கார்டின் C0012-ஓடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அப்படியானால் அது எங்கள் A004_C0012.MP4. இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு அட்டவணை போட்டு, Link Media பெட்டியில் Relink others automatically என்பதை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக இணைத்தோம். ஒரு கிளிப் மட்டும் எதனோடும் பொருந்தவில்லை. அது கேமராவின் மூலம் இல்லை. யாரோ இடையில் வெட்டி மறுபடி ஏற்றுமதி செய்தது. அப்படிச் செய்தால் செக்சம் வேறாகிவிடும். அதைக் கண்ணால் பார்த்து, உதட்டசைவை ஒப்பிட்டு B002-இல் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 9

அடுத்த கட்டப் படப்பிடிப்பு திங்களன்று. ஒளிப்பதிவாளருக்குத் தகவல் அனுப்பியாயிற்று: கோப்பு எண் Series-இல், டைம்கோடு கடிகார நேரத்தோடு ஓடும்படி, இரண்டு கேமராவும் ஒலிக்கருவியும் காலையிலும் இடைவேளைக்குப் பிறகும் ஒருமுறை நேரம் ஒத்துப்பார்க்கப்பட வேண்டும். "சரி சார், ஆனா கார்டு எண்ணை யார் எழுதுறது?" என்று பதில் வந்தது. கார்டை இறக்குபவரே எழுத வேண்டும். இதுவரை போன எண்கள் A019, B016. அங்கிருந்து தொடரச் சொல்லியிருக்கிறேன்.