இரவில் வரும் காலுளைவு: எது சும்மா, எது சும்மா இல்லை

மகளுக்கு நாலு வயது முடிந்த கையோடு தொடங்கியது இந்தக் காலுளைவு. பகல் முழுக்கக் குளக்கட்டிலும் வளவிலும் ஓடித்திரிவாள். இரவு சாப்பிட்டுப் படுத்து, பத்து பதினொரு மணிபோல எழும்பி, "கால் உளையுதம்மா" என்று அழுவாள். எந்த இடம் என்று கேட்டால் ஒரு நாள் கெண்டைக்காலைக் காட்டுவாள், இன்னொரு நாள் முழங்காலுக்குப் பின்பக்கம், சில நாள் தொடையின் முன்பக்கம். உருவி விட்டால் அரை மணித்தியாலத்துக்குள் தூங்கிப்போவாள். விடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல முற்றத்தில் நிற்பாள்.

என் அம்மாவுக்கு இது புதினமே இல்லை. "உனக்கும் இப்படித்தான். ஜெயசிக்குறு சண்டை நேரம் கொட்டிலுக்குள்ள கிடந்து இரவிரவா அழுவாய், நான் நல்லெண்ணெய் போட்டு உருவிவிடுவன்" என்றார். இது குடும்பத்தில் தொடர்ந்து வருவது வழமைதான் என்று பிறகு வைத்தியரும் சொன்னார். ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்குக் கால்நோ என்று தொடங்கிக் கடைசியில் இரத்தப் புற்றுநோய் என்று மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதைக் கண்ணால் பார்த்த எனக்கு அம்மாவின் நல்லெண்ணெய்க் கதை போதவில்லை.

மருத்துவிச்சி அக்கா நிறை பார்க்க வந்தபோது சொன்னேன். அவர் ஒரு வேலை தந்தார். ஒரு கொப்பியில் திகதி, எந்தக் கால், எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன செய்ய நின்றது, காலையில் எப்படி நடந்தாள், அன்று பகல் என்ன விளையாடினாள் என்று எழுதி வைக்கச் சொன்னார். எழுதத் தொடங்கிய பிறகுதான் அதில் ஒரு ஒழுங்கு இருப்பது தெரிந்தது. கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் பயிற்சி, மாமா வீட்டுப் பிள்ளைகள் வந்து நின்ற நாட்கள், இந்த நாட்களின் இரவுகளில்தான் கூட வந்தது. இடையில் கிழமைக்கணக்கில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தது. ஆனால் சில இடங்களில் "இடது" என்று மட்டும் எழுதியிருந்தேன். அதுதான் என் வயிற்றைக் கலக்கியது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு பிள்ளை வைத்தியரிடம் போனேன்.

வைத்தியர் முதலில் மகளைத் தொடவே இல்லை. கதிரையிலிருந்து கதவு வரைக்கும் நடக்கச் சொன்னார். பிறகு நுனிக்காலில், பிறகு குதிக்காலில். நிலத்தில் குந்தி எழும்பச் சொல்லிவிட்டு, கையைத் தொடையில் ஊன்றாமல் எழும்புகிறாளா என்று பார்த்தார். தசையில் பலக்குறைவு உள்ள பிள்ளைகள் தங்கள் தொடையையே பிடித்துப் பிடித்துத்தான் நிமிர்வார்களாம். அதற்குப் பிறகுதான் கட்டிலில் படுக்கவைத்தார்.

இரண்டு கால்களையும் பக்கத்தில் வைத்து வீக்கம், சூடு, நிற வித்தியாசம் பார்த்தார். நாடாவால் இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்தார். எலும்பின் நீளத்துக்கு விரலால் அழுத்திக்கொண்டே போனார், எங்கேயாவது ஒரு புள்ளியில் சுளிக்கிறாளா என்று. கண்ணின் கீழ் இமையை இழுத்து இரத்தச்சோகை இருக்கிறதா பார்த்தார். கழுத்திலும் கக்கத்திலும் நெறி கட்டியிருக்கிறதா, வயிற்றில் ஈரலோ மண்ணீரலோ தட்டுப்படுகிறதா, தோலில் அடிபடாமலே கண்டல் இருக்கிறதா என்று தேடினார். எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். இரத்தப் புற்றுநோய் சில பிள்ளைகளில் முதலில் கால்நோவாகத்தான் வெளிவரும். அப்போது கால்நோ பெரும்பாலும் தனியே வராது, வெளிறல், விட்டுவிட்டுக் காய்ச்சல், நிறை குறைதல், சோர்வு என்று ஏதாவது கூடவே வரும்.

நான் எதிர்பார்க்காதது அடுத்தது. முழங்காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, இடுப்பு மூட்டை உட்புறமாகச் சுழற்றினார். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத் தாராளமாகச் சுழன்றது. "பிள்ளை முழங்கால் நோகுது எண்டு சொல்லும், ஆனா பழுது இடுப்பில இருக்கும். இடுப்பு மூட்டின்ர நோ முழங்காலுக்கு இறங்கிவரும். அதனால முழங்கால் எண்டு ஆர் வந்தாலும் நான் இடுப்பைத் திருப்பிப் பாக்காமல் விடமாட்டன்" என்றார். நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளில், பெரும்பாலும் ஆண்பிள்ளைகளில், தொடை எலும்பின் தலைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு பழுதாகும் பேர்தெஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. அந்தப் பிள்ளை நொண்டும், இடுப்பு உட்புறம் சரியாகச் சுழலாது, முழங்காலை எத்தனை படம் எடுத்தாலும் சுத்தமாகத்தான் தெரியும்.

அப்புறம் கொப்பியைப் புரட்டினார். "இடது எண்டு எழுதின நாளுக்கு அடுத்த முறை எந்தக் கால்?" என்று கேட்டார். பார்த்தால் வலது, அல்லது இரண்டும். ஒரு இரவு ஒரு கால் மட்டும் உளைவதைப் பற்றிக் கவலை இல்லையாம். எப்போதும் ஒரே கால், அதுவும் ஒரே இடம் என்றால்தான் விடக்கூடாது. அவர் திரும்பத் திரும்பக் கேட்டது காலையைப் பற்றித்தான்: விறைப்பாக எழும்புகிறாளா, முதல் கொஞ்ச நேரம் கெந்துகிறாளா, விளையாட்டை இடையில் விட்டுவிட்டு வந்து இருக்கிறாளா. மூன்றுக்கும் இல்லை என்றேன். உருவிவிடும்போது கையைத் தட்டிவிடுகிறாளா என்று கேட்டார். இல்லை, நிற்பாட்டினால்தான் அழுவாள்.

"அப்ப இது வளர்ச்சி நோ" என்றார். பெயர்தான் அப்படி. வளர்வதால்தான் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லையாம். பிள்ளை மிக வேகமாக வளர்வது முதலாவது வயதிலும் பிறகு பருவ வயதிலும்தான். இந்த நோ வருவதோ மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். ஓடியாடிக் களைத்த தசையோடு சம்பந்தம் இருக்கலாம், நோவை உணர்வதில் சில பிள்ளைகள் கொஞ்சம் மென்மையாக இருக்கலாம் என்ற அளவுக்குத்தான் சொல்ல முடிகிறது.

எக்ஸ்ரே எடுக்காமல் வந்ததற்கு வீட்டில் எனக்கு நல்ல ஏச்சு. காசு கட்டி எடுத்தால் என்ன என்றார் மாமியார். வைத்தியரிடம் அதையும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். கதையும் பொருந்தி, உடம்புச் சோதனையும் சுத்தமாக இருந்தால் படத்திலும் இரத்தத்திலும் ஒன்றும் வராது. இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் இரத்தச் சோதனை, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், படம் எல்லாம் அன்றைக்கே எழுதியிருப்பேன் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டில் செய்யச் சொன்னது அதிகம் இல்லை. உருவி விடுவது, துணியைச் சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுப்பது. முதலில் என் முழங்கையின் உட்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் அவள் காலில் வைப்பேன். படுக்கப் போகும் முன் சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னுக்கு வைத்துக் குதியை நிலத்திலிருந்து எடுக்காமல் கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கும் பயிற்சி. சில பிள்ளைகளுக்கு இதனால் குறையும். மகளுக்குக் கொஞ்சம் குறைந்ததுபோலத்தான் இருந்தது. தாங்க முடியாமல் அழும் இரவுகளில் மட்டும் பரசிட்டமோல் சிரப். அது கிலோவுக்கு 15 மில்லிகிராம். அவள் 16 கிலோ, ஆகவே 240 மில்லிகிராம். எங்களிடமிருந்த போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 என்று போட்டிருந்ததால் 10 மில்லிலீற்றர். போத்தலுக்குப் போத்தல் இது மாறும், லேபலைப் பார்க்காமல் ஊற்றக்கூடாது. ஆறு மணித்தியாலத்துக்குள் மறுபடி கொடுக்கவும் கூடாது. அஸ்பிரின் பிள்ளைகளுக்கு அறவே வேண்டாம் என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அடுத்த மாரியில் அவளுக்குத் தடிமனும் காய்ச்சலும் வந்தது. காய்ச்சல் இறங்கத் தொடங்கிய ஒரு காலை, கட்டிலால் இறங்கியவள் குதியை நிலத்தில் வைக்க மாட்டேன் என்று நுனிக்காலில் நின்றாள். இரண்டு எட்டு வைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டாள். அம்மா வழமைபோல எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். கெண்டைக்காலில் கை பட்டதும் மகள் வீரிட்டுக் கத்தி அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். விடிந்த பிறகு நோகிறது, நடக்க மாட்டாள், தொட விட மாட்டாள். கொப்பியில் எழுதியிருந்ததற்கு எல்லாமே நேர்மாறு. அம்மா "அதே உளைவுதான், மத்தியானம் சரியாயிடும்" என்றார். நான் ஓட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி சலத்தின் நிறம். கடும் தேத்தண்ணி நிறத்தில் போனால் தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தமாம். நல்லவேளை சாதாரணமாகத்தான் இருந்தது. இரண்டாவது, வயல் தண்ணிக்குள் இறங்கினாளா. கெண்டைக்கால் நோவோடு காய்ச்சல் என்றால் எங்கள் பக்கத்தில் எலிக்காய்ச்சலை நினைக்காமல் இருக்க முடியாது. மூன்றாவது டெங்கு. அதற்காக இரத்தத்தில் சிறுதட்டுக்கள் பார்த்தார்கள், டெங்கு இல்லையென்று தெரியும் வரைக்கும் இபுபுரோபன் கொடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள், அது இரத்தக்கசிவைக் கூட்டும். தசைக்குள் இருக்கும் சிபிகே என்ற நொதியம் இரத்தத்தில் நன்றாக ஏறியிருந்தது. காய்ச்சல்தடிமன் வைரசுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்குக் கெண்டைக்கால் தசை இப்படி அழற்சியடையுமாம். விடுதியில் வைத்து, தண்ணி நிறையக் குடிக்கக் கொடுத்து, சலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வேறு மருந்து பரசிட்டமோல்தான். ஒரு கிழமைக்குள் பழையபடி ஓடினாள். திரும்பப் போய்ச் சோதித்தபோது நொதியமும் இறங்கியிருந்தது.

விடுதியிலிருந்து வீட்டுக்கு விடத் துண்டு வெட்டும்போது வேறொரு வைத்தியர் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். தொண்டை நோ வந்து இரண்டு மூன்று கிழமை கழித்து மூட்டு வீங்கி, ஒரு மூட்டு ஆறும்போது இன்னொரு மூட்டுக்கு நோ தாவினால் அது வாதக்காய்ச்சலாக இருக்கலாம். அது இதயத்தின் வால்வைக் கெடுக்கும் என்பதால் காலையா மாலையா என்று பாராமல் கொண்டுவர வேண்டும். இன்னும் வளர்ந்து பத்துப் பன்னிரண்டு வயதில், ஒரே முழங்காலை ஒட்டி நோவு கிழமைகளாக நின்று, உருவியும் மருந்து கொடுத்தும் போகாமல் கட்டிபோலத் தடித்தால், அது வளர்ச்சி நோ என்று எவர் சொன்னாலும் படம் எடுக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள் என்றார்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. உளைவு இன்னும் இடைக்கிடை வருகிறது. கொப்பியில் இப்போது காலை நடையை மட்டும்தான் எழுதுகிறேன்.