ஒரே நோய், மூன்று ஆய்வு முறைகள்: வாய்மொழித் தேர்வில் சறுக்கிய இடத்திலிருந்து

பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பின் வாய்மொழித் தேர்வில், தேர்வாளர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அதில் நான்கே எண்கள் இருந்தன. நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைப்பவர்கள் 647 பேர், புகைக்காதவர்கள் 2 பேர். அந்த நோய் இல்லாத 649 ஆண்களில் புகைப்பவர்கள் 622 பேர், புகைக்காதவர்கள் 27 பேர்.

"புகைப்பவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது?" என்று கேட்டார்.

மொத்தம் 1,269 பேர் புகைக்கிறார்கள், அவர்களில் 647 பேருக்கு நோய். "51 சதவீதம்" என்றேன்.

"நோயில்லாதவர்களை இரண்டு மடங்காகச் சேர்த்திருந்தால்?"

மீண்டும் கணக்குப் போட்டேன். 34 சதவீதம் வந்தது.

"ஆய்வாளர் கூடுதலாகச் சிலரிடம் கேள்வி கேட்டதால் புகையிலையின் தீங்கு குறைந்துவிட்டதா?"

என்னிடம் பதில் இல்லை. ஆய்வு முறைகளைப் படிநிலைக் கோபுரமாக வரைந்து, உச்சியில் சமவாய்ப்புச் சோதனை, அதற்குக் கீழே கோஹார்ட், அதற்கும் கீழே கேஸ்-கண்ட்ரோல் என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். எந்த முறை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்பதை ஒருபோதும் யோசித்ததில்லை. மறுமுறை தேர்வுக்குத் தயாரானபோது கோபுரத்தை ஓரம் கட்டிவிட்டு நுரையீரல் புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூன்று முறைகளும் அந்த ஒரு நோயிலேயே வரிசையாக வந்து நிற்கின்றன.

அந்தத் தாளில் இருந்தவை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபர்ட் ஹில்லும் 1950இல் வெளியிட்ட லண்டன் ஆய்வின் எண்கள். அது கேஸ்-கண்ட்ரோல் ஆய்வு. நோய் வந்தவர்களை முதலில் பிடித்து, அதே பாலினத்தையும் அதே வயதுப் பிரிவையும் சேர்ந்த, மருத்துவமனையில் வேறு நோய்க்காகப் படுத்திருந்தவர்களை அவர்களுக்கு இணையாக வைத்து, இருவரிடமும் பழைய புகைப்பழக்கத்தைக் கேட்டார்கள். நோயாளிகள் எத்தனை பேர், மற்றவர்கள் எத்தனை பேர் என்பது ஆய்வாளரின் கையில் இருக்கிறது. ஆகவே "புகைப்பவர்களில் எத்தனை பேருக்கு நோய்" என்ற கேள்வியை இந்த அட்டவணையிடம் கேட்கவே கூடாது. கேட்டால் ஆய்வாளரின் விருப்பம்தான் பதிலாக வரும்.

கேட்கக்கூடிய கேள்வி வேறு: நோயாளிகளிடையே புகைப்பதற்கான ஆட்ஸ், அதாவது புகைப்பவர் எண்ணிக்கையைப் புகைக்காதவர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது, மற்றவர்களிடையே உள்ள ஆட்ஸைவிட எத்தனை மடங்கு?

(647 × 27) ÷ (2 × 622) ≈ 14

இப்போது தேர்வாளர் கேட்டதைச் செய்து பாருங்கள். நோயில்லாதவர்களை இரட்டிப்பாக்கினால் 622 என்பது 1,244 ஆகும், 27 என்பது 54 ஆகும். ஆட்ஸ் விகிதம் அதே 14தான். ஆனால் தவறான வழியில், புகைப்பவர்களில் நோய் வந்தவர்களின் சதவீதத்தைப் புகைக்காதவர்களில் நோய் வந்தவர்களின் சதவீதத்தால் வகுத்து இடர் விகிதம் என்று சொன்னால், முதலில் 7.4 மடங்கு வரும், இரட்டிப்பாக்கியதும் 9.6 மடங்கு வரும், பத்து மடங்காக்கினால் 12.8 வரும். அந்த எண் மெல்ல மெல்ல 14ஐ நோக்கி நகர்வதைக் கவனியுங்கள். நோயில்லாதவர்கள் பெருகப் பெருக அட்டவணைக்குள் நோய் அரிதாகிக்கொண்டே போகிறது. அரிதான நோயில் ஆட்ஸ் விகிதமும் இடர் விகிதமும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் 1951இல் காட்டியதன் உட்பொருள் இதுதான். பாடநூலில் ஒரு வரியாகப் படித்தபோது எனக்கு ஏறவில்லை. கையால் மூன்று முறை கணக்குப் போட்ட பிறகே ஏறியது.

இந்த முறையின் பெரிய பலவீனம், எல்லாமே பின்னோக்கிக் கேட்கப்படுகிறது என்பது. நோய் வந்தவர் தன் பழக்கத்தைக் கூட்டிச் சொல்லலாம். நோயைத் தெரிந்துகொண்டு கேட்பவர் துருவித் துருவிக் கேட்கலாம். இதை விடைத்தாளில் எழுதாதவர் யாரும் இல்லை. இதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது என்று எழுதுபவர்கள்தான் குறைவு. நேர்காணலின்போது நுரையீரல் புற்றுநோய் என்று கருதப்பட்ட சிலருக்குப் பிறகு அந்த நோய் இல்லை என்று தெரியவந்தது. கேட்டவர், சொன்னவர் இருவரின் சாய்வும் அவர்கள் விஷயத்திலும் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களுடைய புகைப்பழக்கம் நோயில்லாதவர்களுடையதைப் போலவே இருந்தது. சாய்வு மட்டுமே 14ஐ உண்டாக்கியிருந்தால் இது நடந்திருக்காது.

அடுத்த ஆண்டே இருவரும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி முதலில் புகைப்பழக்கத்தைப் பதிவு செய்துகொண்டு, பிறகு யார் எதனால் இறக்கிறார்கள் என்று காத்திருந்தார்கள். அதுதான் கோஹார்ட் ஆய்வு. ஏறத்தாழ 40,000 மருத்துவர்கள் பதிலளித்தும், 1954இல் வந்த முதல் அறிக்கையில் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் வெறும் 36. அரிதான நோய்க்கு கோஹார்ட் கேட்கும் விலை அது. கேஸ்-கண்ட்ரோல் ஆய்வோ நூற்றுக்கணக்கான நோயாளிகளை நேராக மருத்துவமனையிலேயே கண்டுபிடித்துவிட்டது.

பொறுமைக்குப் பலன் பத்தாண்டு அறிக்கையில் வந்தது. புகைக்காத ஆண் மருத்துவர்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 0.07 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்கள். நாளுக்கு 14 சிகரெட் வரை புகைத்தவர்களில் அது 0.57, 15 முதல் 24 வரை புகைத்தவர்களில் 1.39, 25 அல்லது அதற்கு மேல் என்றால் 2.27. தேர்வில் முதல் நாள் என்னிடம் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. பழக்கம் நோய்க்கு முன்பே பதிவாகிவிட்டதால் நினைவின் சாய்வுக்கும் இடமில்லை.

இன்னொன்றும் கோஹார்ட்டில் கிடைக்கும். புகைப்பவர்களின் மொத்த மரண விகிதம் 1.30. புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 18.6 மடங்கு, ஆனால் வேறுபாடு ஆண்டுக்கு 1,000 பேரில் 1.23 மரணங்கள்தான். இதய, இரத்தநாள நோய்களில் மரண விகிதம் புகைப்பவர்களுக்கு 9.51, புகைக்காதவர்களுக்கு 7.32. மடங்கு வெறும் 1.3, வேறுபாடோ 2.19. எது காரணம் என்று வாதிட மடங்கு உதவும். புகைப்பதால் எத்தனை உயிர் போகிறது என்று கேட்டால் வேறுபாட்டைத்தான் பார்க்க வேண்டும், அதில் இதயநோய் முந்திக்கொள்கிறது. மடங்கு மட்டுமே தரும் கேஸ்-கண்ட்ரோல் அட்டவணையிலிருந்து, வெளியிலிருந்து விகிதங்களைக் கொண்டுவராமல், இந்த இரண்டாம் முடிவை எடுக்க முடியாது.

ஆனாலும் மருத்துவர்கள் தாங்களாகவே புகைத்தார்கள், யாரும் சீட்டுக் குலுக்கி அவர்களைப் பிரிக்கவில்லை. புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் தரலாமே என்றார். 1959இல் கார்ன்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் கொடுத்த பதிலை, நான் படித்த கொள்ளைநோயியலிலேயே மிக அழகான வாதம் என்பேன். மறைந்திருக்கும் ஒரு காரணி 14 மடங்கு தொடர்பைத் தனியே உண்டாக்க வேண்டுமானால், அது புகைப்பவர்களிடம் குறைந்தது 14 மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும். அப்படியொரு மரபணுவை யாரும் காட்டவில்லை.

இந்த வாதத்தை அப்படியே திருப்பினால் மூன்றாவது முறையான சமவாய்ப்புச் சோதனை ஏன் தேவை என்பது புரியும்.

பீட்டா கரோட்டின் என்னும் சத்து நிறைந்த காய்கறி, பழங்களை அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டிவந்தன. அது புற்றுநோயைக் குறைக்குமா என்று 1981இல் கேள்வி எழுப்பிய கட்டுரையின் ஆசிரியர்களில் டாலும் ஒருவர். ஆனால் இங்கே தொடர்பு சிறியது. நோய் 30 சதவீதம் குறைவு என்று வைத்துக்கொண்டால், குறைவாக உண்பவர்களுக்கு 1.4 மடங்கு நோய். இதைப் பொய்யாக உண்டாக்க மறைந்திருக்கும் காரணி 14 மடங்கு அதிகமாக இருக்கத் தேவையில்லை, நோயோடு வலுவான தொடர்பு இருந்தால் 1.4 மடங்கைச் சற்றுத் தாண்டினாலே போதும். காய்கறி குறைவாக உண்பவர் இன்னும் இரண்டு சிகரெட் கூடுதலாகப் புகைப்பவராகவோ, புகையை ஆழமாக இழுப்பவராகவோ இருக்கலாம். அதையெல்லாம் கேள்வித்தாளால் முழுமையாக அளந்து சரிக்கட்ட முடியாது.

ஆகவே பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் சமவாய்ப்பில் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை, மறுபாதிக்கு அது இல்லை. வைட்டமின் ஈயையும் இதே சோதனையில் தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள், அதை இங்கே விட்டுவிடுகிறேன். 1994இல் முடிவு வந்தது: மாத்திரை பெற்றவர்களில் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய், பெறாதவர்களில் 402 பேருக்கு. 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயும் கொடுத்தார்கள். அதுவும் தீங்கையே காட்டியதால் 1996 ஜனவரியில் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

என்னைத் திகைக்கவைத்தது அந்த 18 சதவீதம் அல்ல. அதே பின்லாந்துச் சோதனைக்குள், பீட்டா கரோட்டின் மாத்திரை பெறாதவர்களை மட்டும் தனியே பார்த்தபோது, தொடக்கத்தில் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமிருந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகவே வந்தது. அதாவது அதே ஆட்களை கோஹார்ட்டாகப் பார்த்தால் பாதுகாப்பு, சோதனையாகப் பார்த்தால் தீங்கு. முதல் பார்வையில் கரோட்டின் அளவை அவரவர் வாழ்க்கை தீர்மானித்தது, இரண்டாவதில் குலுக்கல் தீர்மானித்தது. எவ்வளவு புகைப்பார், எப்படி இழுப்பார், என்ன உண்பார் என்பதெல்லாம் இரு பக்கமும் சமமாகவே விழுந்திருக்கும், அளக்காதவையும் உட்பட. மாத்திரையைப் பாதியில் விட்டவரையும் அவர் விழுந்த பக்கத்திலேயே எண்ண வேண்டும். விட்டவர்களைக் கழித்தால் குலுக்கல் தந்த சமநிலை கலைந்துவிடும்.

இங்கே மாணவர்கள் அதிகம் தவறும் இடம் ஒன்று உண்டு: "ஆகவே காய்கறி உண்டால் புற்றுநோய்" என்று எழுதிவிடுவது. சோதனை சொன்னது, புகைக்கும் நடுத்தர, முதிய ஆண்களுக்கு இந்த அளவில், மாத்திரை வடிவில், இத்தனை ஆண்டுகள் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும்தான். காய்கறி உண்பவருக்கு நோய் குறைவு என்ற பழைய தொடர்பு உண்மையாகவே இருக்கலாம். அதற்குக் காரணம் பீட்டா கரோட்டின்தான் என்ற ஊகம் மட்டுமே உடைந்தது. புகைப்பழக்கத்தையோ சோதனையில் வைக்கவே முடியாது. யாரையும் சீட்டுக் குலுக்கிப் புகைக்கச் சொல்ல முடியாதே. அதனால் அங்கே கேஸ்-கண்ட்ரோலும் கோஹார்ட்டும் சேர்ந்துதான் முடிவைத் தாங்க வேண்டியிருந்தது, தாங்கவும் செய்தன.

மறுமுறை தேர்வில் வேறொரு தேர்வாளர், வேறொரு நோய், மீண்டும் நான்கு எண்கள். கணக்கைத் தொடுவதற்கு முன், "இந்த ஆட்களை நோயை வைத்துச் சேர்த்தார்களா, பழக்கத்தை வைத்துச் சேர்த்தார்களா, குலுக்கிப் பிரித்தார்களா?" என்று நானே கேட்டேன். அவர் தாளைத் திரும்ப வாங்கி, விட்டுப்போன தலைப்பை எழுதிக் கொடுத்தார்.