தலைவர் ஏற்றிய லோகோ

எங்கள் சங்கத்துக்குப் புது லோகோ வந்தது. வழக்கமாகப் படம் எதையும் என்னிடம்தான் அனுப்புவார்கள். இந்தத் தடவை தலைவர், "இதுக்குப் போய் அவனைத் தொந்தரவு பண்ணணுமா" என்று தானே சங்கத்தின் இணையதளத்துக்குள் நுழைந்து பழைய லோகோவை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் செயலாளரிடமிருந்து போன்.

"தம்பி, சைட்டே காணோம். வெறும் லோகோதான் இருக்கு."

திறந்து பார்த்தேன். அவர் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. 64 பிக்சல் உயரத்தில் அடக்கமாக இருந்த மேல் பட்டை, மடிக்கணினித் திரையின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டிருந்தது. இடது பக்கம் முழுக்க லோகோ, வலது ஓரத்தில் 'முகப்பு, அறிவிப்புகள், தொடர்புக்கு' என்று மெனு மட்டும் வெள்ளை வெளியின் நடுவே மிதந்துகொண்டிருந்தது. சரி, கீழே உருட்டிப் பார்க்கலாம் என்றால், அந்தப் பட்டைக்கு `position: sticky` வேறு போட்டிருக்கிறோம். எவ்வளவு உருட்டினாலும் லோகோ இடத்தை விட்டு நகரவில்லை. அறிவிப்புகள் எல்லாம் அடியில் மிச்சமிருந்த சின்ன இடுக்கில், தபால் பெட்டி வாய் வழியாகக் கடிதம் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாக ஓடின.

தலைவரிடம் விசாரித்தேன். "ஏன், நல்லா கம்பீரமாத்தானே இருக்கு?" என்றார்.

கணக்கு எளிது. வடிவமைத்தவர் கொடுத்த கோப்பு 2400 அகலம், 1600 உயரம். அளவு எதுவும் சொல்லாவிட்டால் பிரவுசர் படத்தை அதன் சொந்த அளவில்தான் காட்டும். எங்கள் தளத்தில் எல்லாப் படங்களுக்கும் `max-width: 100%`, `height: auto` என்று பொதுவாக ஒரு விதி உண்டு. அகலம் இடத்தைத் தாண்டாமல் அது பார்த்துக்கொள்ளும். உயரத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. பட்டையின் மொத்த அகலம் 1200. மெனு 300 எடுத்துக்கொண்டது போக மீதி 900. லோகோ அந்த 900-ஐயும் நிரப்பியது, உயரம் அதே விகிதத்தில் 600 ஆனது. பட்டைக்கு என்று உயரம் எதுவும் குறிக்கப்படவில்லை. உள்ளே இருப்பது எவ்வளவோ அவ்வளவுதான் அதன் உயரம். பழைய லோகோ சின்னக் கோப்பாக இருந்ததால் இத்தனை நாள் இந்த ஓட்டை வெளியே தெரியவில்லை.

இதற்குள், சங்கத்தில் இதையெல்லாம் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும் பையன் ஒருவன் களத்தில் குதித்திருந்தான். "அண்ணா, பட்டை பெருசாயிடுச்சு, அவ்வளவுதானே? பட்டைக்கு `height: 64px` போட்டுட்டேன்" என்றான்.

பட்டை 64-க்கு வந்தது உண்மைதான். லோகோவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லையே! அது 600 உயரத்திலேயே நின்றது. பட்டைக்குள் `align-items: center` இருந்ததால், 268 பிக்சல் திரைக்கு மேலே போய் மறைந்தது, 268 பிக்சல் கீழே இறங்கி முதல் அறிவிப்பின் தலையில் உட்கார்ந்தது. மேலே போன பகுதியை எப்படி உருட்டினாலும் பார்க்க முடியாது.

அதற்கும் அவனிடம் மருந்து இருந்தது: `overflow: hidden`. இப்போது 64 பிக்சல் உயரத்துக்கு ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. சங்கத்தின் பெயரில் எழுத்துகளுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை, இடுப்பு மட்டும். மெனுவைத் தொட்டால் விரிய வேண்டிய துணைப் பட்டியலும் அதோடு சேர்ந்து வெட்டுப்பட்டது. பொருளாளர், "சந்தா கட்டற பக்கத்துக்குப் போற வழி எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தார். அவர் கவலை அவருக்கு.

பட்டையை அடக்குவதை விட்டுவிட்டு லோகோவை அடக்கச் சொன்னேன். அவன் இரண்டு வரியையும் எடுத்துவிட்டு, லோகோவுக்கு `max-height: 100%` என்று எழுதினான். ஒன்றும் அசையவில்லை. எதில் நூறு சதவீதம்? லோகோவைச் சுற்றி இருக்கும் இணைப்புக்குக் குறித்த உயரம் கிடையாது. அதன் உயரமே லோகோவைப் பார்த்துத்தான் முடிவாகிறது. இப்படிச் சுற்றி வரும் இடத்தில் பிரவுசர் அந்தச் சதவீதத்தைக் கணக்கிலேயே எடுக்காது, வரம்பே இல்லை என்று வைத்துக்கொள்ளும். பிழைச் செய்தியும் வராது. இங்கே பிக்சல் எண்தான் பேசும்.

"அப்போ `48px`" என்று மாற்றினான். பட்டை சட்டென்று பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் லோகோ 900 அகலம், 48 உயரம் என்று தரையோடு தரையாக நசுங்கிக் கிடந்தது. எங்கள் தளம் படத்தை ஏற்றும்போது தானாகவே `width="2400" height="1600"` என்று எழுதிவிடும். அந்த உயரத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று பொது விதியில் `auto` இருக்கிறது. அகலத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் அகலம் 2400-இல் தொடங்கி 900-இல் நின்றுவிட்டது, உயரம் மட்டும் வெட்டுப்பட்டது. இரண்டையும் `auto` ஆக்கினால்தான் உயரம் குறையும்போது அகலமும் கூடவே குறையும். கடைசியில் நின்றது இதுதான்:

```css
.site-header .logo img {
  display: block;
  max-height: 48px;
  width: auto;
  height: auto;
}
```

48-உடன் மேலும் கீழும் எட்டெட்டு இடைவெளி சேர்த்தால் 64. அந்த `display: block` எதற்கு என்று கேட்டான். அது இல்லாவிட்டால் படத்தைப் பிரவுசர் ஒரு எழுத்துபோல வரியில் உட்கார வைக்கும். எழுத்தின் வால் தொங்குவதற்கென்று கீழே சில பிக்சல் காலியிடம் விடும். பட்டை 64-ஐத் தாண்டி லேசாகப் பருத்து நிற்கும், காரணமும் சுலபத்தில் பிடிபடாது. நேராக `height: 48px` என்றே போட்டிருக்கலாமே என்றும் கேட்டான். போடலாம். ஆனால் நாளைக்கு யாராவது 40 பிக்சல் உயரப் படத்தை ஏற்றினால் அதையும் இழுத்து மங்கலாக்கிவிடும். உச்சவரம்பு பெரியதை மட்டும்தான் கண்டிக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று தலைவருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே போன். "எறும்பு மாதிரி இருக்குப்பா! இதுக்கா காசு கொடுத்து வரைஞ்சோம்?"

பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. 2400-க்கு 1600 என்பது முழுக் கோப்பு. அதன் நடுவில் உண்மையான லோகோ 1800-க்கு 600 மட்டுமே; சுற்றிலும் ஒளி ஊடுருவும் வெற்றிடம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதுவும் உயரத்தில் சேர்த்திதான். 48-இல் லோகோவுக்குக் கிடைத்தது வெறும் 18 பிக்சல். டெவலப்பர் டூல்ஸில் படத்தின் மேல் சுட்டியை வைத்தால் நீலப் பெட்டி ஒன்று தெரியும். பெட்டி பெரிதாகவும் லோகோ சிறிதாகவும் இருந்தால் குற்றம் கோப்பில்தான் என்று தெரிந்துகொள்ளலாம். ஓரங்களை வெட்டியதும் அதே 48 உயரத்தில் 144 அகலத்துக்கு லோகோ நன்றாக நிமிர்ந்தது. அடர்த்தியான கைபேசித் திரைகளையும் நினைத்து மும்மடங்காக, 432-க்கு 144 அளவில் கோப்பைச் சுருக்கி ஏற்றினோம்.

தலைவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "அந்தப் பெருசு?" என்றார். 'எங்களைப் பற்றி' பக்கத்தின் உச்சியில், எந்த உயர வரம்பும் இல்லாமல் முழு அகலத்துக்கு வைத்துக் கொடுத்தேன். அப்புறம் யாருக்குச் சங்கத்தின் இணைய முகவரியை அனுப்பினாலும் அவர் அந்தப் பக்கத்தைத்தான் அனுப்புகிறார். செயலாளருக்கு இன்னமும் போன் வருகிறதாம், சைட்டில் வெறும் லோகோதான் இருக்கிறது என்று.